புகைப்படத்தை ஒளிச்சிற்பமாக அச்சிட ஒரு குறிப்பு

முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடப்படும், பின்னால் விளக்கு எரிந்தால் மட்டும் உருவம் தெளியும் லித்தோஃபேன் தகட்டில், படத்தின் வெளிச்சமான பகுதி மெல்லியதாகவும் இருண்ட பகுதி தடிமனாகவும் அமைய வேண்டும். வெள்ளை பிஎல்ஏ பிளாஸ்டிக் இழைக்கு 0.8 மி.மீ. முதல் 3 மி.மீ. வரையிலான தடிமன் பொருத்தமானது; படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிய பின், 0 முதல் 255 வரையுள்ள ஒவ்வொரு புள்ளியின் ஒளி மதிப்பையும் (v) பின்வருமாறு t என்னும் தடிமனாக மாற்றலாம்.

```
t = 0.8 + 2.2 × (255 − v) / 255
```

நடுச்சாம்பல் நிறமான 128, இதன்படி ஏறத்தாழ 1.9 மி.மீ. ஆகிறது. Cura மென்பொருளில் படத்தைத் திறக்கும்போது "Darker is higher" என்பதைத் தேர்ந்தெடுத்தால் இருண்ட பகுதி தானாகவே தடிமனாகும். தவறினால் முகம் கறுத்து முடி ஒளிரும்.

தகட்டைப் படுக்கவைத்து 0.2 மி.மீ. அடுக்குகளில் அச்சிட்டால், 2.2 மி.மீ. வேறுபாட்டுக்குள் 11 படிகளே கிடைப்பதால் கன்னத்தின் மென்மையான நிழல் வரிவரியாக உடைந்துவிடும். ஆகவே, அடியில் அகன்ற விளிம்பு சேர்த்து, தகட்டை நிமிர்த்தி நிற்கவைத்தே அச்சிடுவது நல்லது. உட்புறத்தை 100 விழுக்காடு நிரப்பத் தவறினால், நிரப்புக் கோலம் விளக்கொளியில் கட்டங்களாகத் தெரியும்.