சிங்கிள் டேக்குக்காகக் காட்சியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காட்சியை சிங்கிள் டேக்கில், அதாவது நடுவில் கட் இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்கலாம் என்று முடிவானதும், கேமரா ஆடாமல் நகர ஸ்டெடிகேமா கிம்பலா, எந்த லென்ஸ், எந்த வழியாகப் போகலாம் என்றுதான் முதலில் பேச்சு ஓடும். எழுதிய பக்கத்தை யாரும் தொடமாட்டார்கள். ரிகர்சலில் எல்லாம் இழுக்கும்போது பழி கேமரா ஆபரேட்டர் தலையில் விழும். உண்மையில் பெரும்பாலான சிக்கல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கட் பண்ணி எடுப்பதற்காக எழுதிய காட்சியில், கட் சத்தமில்லாமல் பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். நேரத்தைச் சுருக்கும், கேட்பவரின் முகத்தைக் காட்டும், ஒரு பொருளைப் பெரிதாக்கும், தொய்வான வசனத்தை எடிட்டிங்கில் தூக்கிவிட இடம் கொடுக்கும். சிங்கிள் டேக்கில் இந்த வேலைகளை நடிகரின் அசைவும் வசனத்தின் வரிசையும்தான் செய்தாக வேண்டும்.

ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அக்கா ஹாலில் மேசையருகே உட்கார்ந்து ஒரு கடிதம் படிக்கிறாள். தம்பி வருகிறான். கடிதத்தின் குளோசப்: வீட்டை விற்கும் ஒப்பந்தம், கீழே தம்பியின் கையெழுத்து. தம்பி அறைக்குள் போய் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான். இருவருக்கும் சண்டை, பதினாலு வசனம். கடைசியில் அப்பா அறை வாசலில் நிற்பது தெரிகிறது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். இரண்டரைப் பக்கம். கட் பண்ணி எடுத்தால் எந்தச் சிரமமும் இல்லாத காட்சி.

இதில் முதல் தவறு கடிதத்தில் நடக்கும். குளோசப் இல்லை என்றதும் கேமராவைக் கடிதத்தின் மேல் இறக்கிப் படிக்க வைக்கலாம் என்று தோன்றும். ஒரு பத்தியைப் பார்வையாளர் படித்து முடிக்க ஏழு எட்டு விநாடியாவது வேண்டும். அதுவரை கேமரா தாளின் மேலேயே நிற்க வேண்டும், அக்காவின் கை நடுங்கக் கூடாது, ஃபோகஸ் கூர்மையாக இருக்க வேண்டும். அங்கிருந்து மேலேறி அவள் முகத்துக்கு வருவதற்குள் காட்சி குளிர்ந்துவிடும். அது வேண்டாம் என்று அக்காவையே சத்தமாகப் படிக்க வைப்பது இதைவிட மோசம். தனியாக இருக்கும்போது யாரும் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பதில்லை.

இங்கே மாற்ற வேண்டியது தகவல் வரும் வரிசை. கதவுச் சத்தம் கேட்டதும் அக்கா கடிதத்தை மடித்து மேசை டிராயரில் போட்டு மூடட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்வையாளருக்குத் தெரியாது. அவள் எதையோ மறைக்கிறாள் என்பது மட்டும் தெரியும். தம்பி எதிரில் வந்து உட்காரும்போது அந்த மூடிய டிராயர் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. பின்னால் அவனே சொல்கிறான்:

“நான் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா.”

முன்பிருந்த பக்கத்தில் இதற்குப் பிறகு “எதுல?”, “எப்ப போட்ட?”, “ஏன்டா சொல்லல?” என்று மூன்று கேள்விகள் வரும். இப்போது அவை தேவையில்லை. அக்கா பேசாமல் டிராயரை இழுத்து, கடிதத்தை எடுத்து அவன் முன் வைக்கிறாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதும், அவளுக்கு முன்பே தெரியும் என்பதும் ஒரே செயலில் வந்துவிடுகிறது. கேமரா தாளைக் காட்டவே தேவையில்லை.

அடுத்தது சட்டை மாற்றும் இடம். ‘உள்ளே போய் மாற்றிக்கொண்டு வருகிறான்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கட் இருந்தால் திரையிலும் ஒரு விநாடிதான். கட் இல்லாதபோது, பட்டனைக் கழற்றி வேறு சட்டை மாட்டிக்கொண்டு வர முப்பது நாற்பது விநாடி பிடிக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: கேமரா வெறும் ஹாலைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அல்லது நடிகர் நம்ப முடியாத வேகத்தில் திரும்பி வருவார். இந்த மாதிரி வரிகளை ரிகர்சலுக்கு முன்பே பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் நிஜத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்துவிட வேண்டும். பிறகு அந்த நேரத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் செயலையே தூக்கிவிட வேண்டும். நம் காட்சியில் சட்டை எதற்கும் தேவையில்லை, அதைத் தூக்கிவிடலாம். வைத்தே தீர வேண்டும் என்றால் கேமரா அக்காவுடன் இருக்கட்டும். அவன் உள்ளிருந்தபடி ஏதோ சாதாரண விஷயம் பேசிக்கொண்டிருக்க, அவள் டிராயர் சரியாக மூடவில்லை என்று பார்த்து மறுபடி தள்ளுவாள். அவன் உள்ளிருந்து பேசும் வசனம் அவளுடைய வேலைக்குச் சரியான நீளத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடையும் வசனமும் பொருந்தாமல் போவது இன்னொரு இடம். வாசலிலிருந்து மேசைக்கு ஐந்து மீட்டர் என்றால், இயல்பாக நடப்பவர் நான்கு விநாடியில் வந்துவிடுவார். எழுதியிருப்பதோ உள்ளே வந்துகொண்டே பேச வேண்டிய இருபது விநாடி வசனம். உடனே நடிகர் அன்ன நடை நடக்க ஆரம்பிப்பார். அதைச் சரிசெய்ய, நின்று பேசக் காரணம் உள்ள இடங்களை உண்டாக்க வேண்டும். அவன் வாசலிலேயே நின்று பையைக் கழற்றி மாட்டுகிறான், சாவியை வைக்கிறான். பாதி வசனம் அங்கே முடிகிறது. நான்கு விநாடி பேசாமல் நடந்து வருகிறான். மீதி மேசையருகில். பேசாமல் நடக்கும் இடங்கள் ஆபரேட்டருக்கும் நல்லது. பின்னால் நகரவும் ஃப்ரேமை மாற்றவும் அவருக்கு அந்த இடைவெளிதான் கிடைக்கும். முக்கியமான வசனத்தைக் கேமரா வேகமாக நகரும்போதோ கதவு திறக்கும்போதோ வைத்தால் அது காதில் ஏறாது. கண் அசைவைத்தான் பின்தொடரும். அதைக் கேமரா நின்ற பிறகு சொல்ல வைக்க வேண்டும்.

சண்டைப் பகுதிக்கு வருவோம். பதினாலு வசனமும் மாறி மாறி வருவதால், பேசுகிறவரையே காட்ட வேண்டும் என்று கேமராவை இங்கும் அங்கும் திருப்புவார்கள். டென்னிஸ் ஆட்டம் பார்ப்பது போல் ஆகிவிடும். அதோடு, திரும்பிப் போய்ச் சேரும்போது வசனத்தின் முதல் சொல் போயிருக்கும், கேட்டவரின் முகமும் கிடைத்திருக்காது. அதனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ‘இப்போது யார் முகம் தெரிய வேண்டும்’ என்று எழுதிப் பார்ப்பது நல்லது. பாதிக்கு மேல் கேட்பவர் முகம்தான் தேவைப்படும். “கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா” என்னும்போது தம்பியைவிட அக்காவின் முகம்தான் முக்கியம்.

அதற்கு இருவரையும் ஒரே ஃப்ரேமில், ஆழத்தில் வைக்கலாம். அக்கா எழுந்து ஜன்னலை மூடப் போகிறாள். கேமராவுக்கு ஒரு மீட்டரில் அவள் முகம், பின்னால் நான்கு மீட்டரில் தம்பி. அவன் அவள் முதுகைப் பார்த்துச் சொல்கிறான், நாம் அவள் முகத்தைப் பார்க்கிறோம். உள்ளரங்க வெளிச்சத்தில் 35 மி.மீ. லென்ஸின் அபர்ச்சரை 2.8-ல் திறந்து எடுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் கூர்மையாக இருக்கமாட்டார்கள். எனவே ஃபோகஸ் எந்தச் சொல்லில் பின்னால் போகிறது, எந்தச் சொல்லில் திரும்பி வருகிறது என்பதை வசனத் தாளிலேயே கோடிட்டு ஃபோகஸ் புல்லரிடம் கொடுக்க வேண்டும். ‘உணர்ச்சியைப் பார்த்து மாத்திக்கோங்க’ என்று விட்டால் ஒவ்வொரு டேக்கிலும் வேறு இடத்தில் மாறும். ஜன்னலுக்குப் போக அவளுக்குக் காரணமும் வேண்டும். கேமராவுக்காக எழுந்து போகிறாள் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று மூடுகிறாள் என்றால் அது காட்சிக்கும் பொருந்துகிறது. பிறகு கடிதத்தை எடுக்க அவள் டிராயருக்குத் திரும்பும்போது கேமராவும் கூடவே மேசைக்கு வந்துவிடும். இப்படி நிறுத்தியபின் பதினாலில் எட்டு வசனம் இருந்தாலே போதும் என்பது தானாகத் தெரியவரும்.

அப்பாவை எப்படிக் காட்டுவது? கேமரா தன் இஷ்டத்துக்கு வாசல் பக்கம் திரும்பினால், கதையை முன்கூட்டித் தெரிந்த ஒருவர் நம்மைத் திருப்புவதாக உறுத்தும். தம்பி கோபத்தில் அறையை நோக்கிப் போகட்டும், கேமரா அவன் பின்னால் போகட்டும். கதவருகில் அவன் சட்டென்று நிற்க, எதிரில் அப்பா. அவர் எல்லாவற்றையும் கேட்டார் என்பதைச் சொல்ல வசனம் வேண்டாம். தொடக்கத்திலிருந்து அவர் அறையில் ஓடும் டிவிச் சத்தம் சண்டையின் நடுவில் நின்றுவிட்டால் போதும். படப்பிடிப்பில் டிவியை நிஜமாக ஓடவிடாதீர்கள். அந்தச் சத்தம் வசனத்தோடு கலந்துவிட்டால் சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம். அதை ஒலிக்கலவையில் சேர்த்து, நிற்க வேண்டிய இடத்தையும் அங்கே முடிவுசெய்யலாம்.

கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் நடிகருக்கு ‘இந்த வசனம் கேட்டதும் வாங்க’ என்று சொல்லிவைப்பது ஆபத்து. முன்னால் இருப்பவர் அந்த வசனத்தை விழுங்கிவிட்டால் மூன்று நிமிடம் வீண். மானிட்டர் பார்க்கும் அசிஸ்டென்ட் டைரக்டர், தம்பி அறைப் பக்கம் திரும்புவதைப் பார்த்து ஒரு சின்ன க்யூ விளக்கைப் போடுவது பாதுகாப்பு.

கடினமான செயலைக் கடைசியில் வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. டேக் மூன்றரை நிமிடம், எல்லாவற்றையும் பழையபடி அடுக்கிவைக்கப் பத்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஒன்பது வாய்ப்புதான். இறுதியில் அக்கா கண்ணாடி டம்ளரை எறிந்து உடைப்பதாக இருந்தால், கூட்டி அள்ளவே அதில் பாதி போகும். அவள் கை ஓங்குவதோடு ஃப்ரேமைவிட்டு வெளியே போகட்டும், உடையும் சத்தத்தைப் பிறகு சேர்க்கலாம். கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் ஒரே மாதிரி மடித்த பிரதிகள் பன்னிரண்டாவது தயாராக இருக்க வேண்டும், ரிகர்சலுக்கு வேறு தாள். சிக்கிக்கொள்ளும் டிராயரை அன்று காலையிலேயே மெழுகு தேய்த்துச் சரிசெய்துவிட வேண்டும்; இந்தக் காட்சியே அது திறப்பதில்தான் நிற்கிறது.

ஒரு தையல் இடத்தையும் முன்பே வைத்துக்கொள்ளலாம். அக்கா ஜன்னலுக்குப் போகும்போது அவள் முதுகு லென்ஸை ஒரு நொடி முழுதாக மறைத்தால், இரண்டு டேக்குகளை அங்கே ஒட்ட முடியும். ஆனால் ஒவ்வொரு டேக்கிலும் அதே வேகத்தில், அதே பக்கமாக, அதே வெளிச்ச அளவில் அவள் கடக்க வேண்டும். அந்த இடத்தில் யாருக்கும் வசனம் இருக்கக் கூடாது. இதை எடிட்டரிடம் படப்பிடிப்புக்கு முன்பே காட்டிவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு ஒட்ட இடம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.