அகராதியில் பார்த்த சொல் ஏன் மறந்துபோகிறது? சொற்குறிப்பில் நேரும் தவறுகள்

சங்கப் பாடல் படிக்கத் தொடங்கியவர்களின் நோட்டுகளில் ஒரே மாதிரி வரிகளைப் பார்க்கலாம்: 'கோடு – கிளை, கொம்பு, தந்தம், மலையுச்சி, கரை, வளைவு'. அகராதியில் இருந்ததெல்லாம் அப்படியே நோட்டுக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவில் இருக்காது. ஆறு பொருளில் எது வேண்டும் என்று சொல்ல அங்கே பாட்டு இல்லையே.

எடுத்துக்காட்டாக, குறுந்தொகை 18-இல் கபிலர் பாடிய அடி: 'சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு'. முதலில், அகராதியில் 'கோட்டு' என்று தேடக் கூடாது. பழம், நிலம் போன்ற சொல்லுக்கு முன்னால் வரும்போது காடு 'காட்டு' ஆவதுபோல, கோடு 'கோட்டு' ஆகியிருக்கிறது. எனவே குறிப்பில் வேர்வடிவமான 'கோடு' இருக்க வேண்டும், பாட்டில் வந்த வடிவமும் அருகில் இருக்க வேண்டும். குறிப்பைச் சிறு அட்டைகளில் எழுதினால், ஒரு அட்டைக்கு ஒரே பொருள் போதும்:

முன்பக்கம்: சிறுகோட்டுப் பெரும்பழம் – இங்கே கோடு என்றால்?
பின்பக்கம்: கிளை. சிறு கிளையில் பெரிய பலாப்பழம். குறுந்தொகை 18.

குறள் 599-இல் யானையைக் 'கூர்ங்கோட்டது' என்கிறார் வள்ளுவர். அங்கே கோடு தந்தம். அது வேறு அட்டை. இரண்டையும் ஒரே நாளில் எழுதினால் பொருள் குழம்பும். முதல் அட்டை உறுதியான பிறகு இரண்டாவதை எழுதுங்கள்.

குறுந்தொகை அடியில் வரும் 'தூங்கி'யை யாரும் குறித்துவைப்பதில்லை, தெரிந்த சொல் என்று தாண்டிப் போய்விடுவார்கள். பழம் உறங்காது, தொங்கும். தெரியாத சொல்லைவிட இந்த மாதிரிச் சொற்கள்தான் பாட்டையே தவறாகப் புரியவைக்கும். அவற்றுக்குத் தனி அட்டை கட்டாயம். பின்பக்கத்தில் 'தூக்கணாங்குருவி' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், தொங்கும் கூடு பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

நோட்டில் எழுதுகிறவர்கள் பக்கத்தை நெடுக மடித்து, இடப்பக்கம் சொல்லும் அடியும், வலப்பக்கம் பொருளும் எழுதலாம். வலப்பக்கத்தை மறைத்து, பொருளை வாய்விட்டுச் சொன்ன பிறகே திறக்க வேண்டும். சும்மா திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுபோல் இருக்கும், கேட்டால் வராது. மேலிருந்து கீழாக மட்டும் போனாலும் ஏமாற்றம்தான்: முந்தைய சொல்லே அடுத்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். கீழிருந்தும் நடுவிலிருந்தும் தொடங்குங்கள். அட்டை என்றால் ஒவ்வொரு முறையும் கலைத்துப்போட வேண்டும்.

மறுநாள், 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, பிறகு மாதம் ஒருமுறை பார்க்கலாம். தவறினால் மீண்டும் மறுநாளிலிருந்து. ஒரு நாளைக்கு 5 சொல்லுக்கு மேல் சேர்த்தால், இரண்டே வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியவை மலையாகக் குவிந்து, நோட்டே மூலையில் கிடக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. அட்டையைப் பார்த்துப் பார்த்து, 'பெரும்பழம்' என்று கண்ணில் பட்டதுமே 'கிளை' என்று வாய் சொல்லப் பழகியிருக்கலாம். அடி இல்லாமல் 'கோட்டுப்பூ' என்று மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கிளையில் பூக்கும் மரப்பூ என்று தானாக வந்தால், அந்த அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம்.