கவர் லெட்டரில் ஏஐ படக் கருவிகளைப் பற்றி எழுதுவது எப்படி?

டிசைன் படிப்பு முடித்து முதல் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முகவரி, எந்தப் பணிக்கு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் நேராக, ஏஐ கருவிகளைப் பற்றிச் சொல்லும் இரண்டாவது பத்திக்குப் போய்விடலாம். நான் விண்ணப்பித்தபோது அதிகம் இழுத்தடித்தது அதுதான்.

முதலில் போர்ட்ஃபோலியோவிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுங்கள். நான் எடுத்தது கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குச் செய்த பாக்கெட், கல்லூரி ப்ராஜெக்ட். கருவி தந்தது எது, அது சொதப்பியது எங்கே, நான் கையால் செய்தது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அப்புறம் அதையே பத்தியாக்கினேன்:

"பாக்கெட்டின் முன்பக்க ஓவியத்துக்கு முதல் மாதிரிகளை மிட்ஜர்னியில் எடுத்தேன். அதில் கடலை கிளையில் காய்த்துத் தொங்கியது. கடலை மண்ணுக்குள் காய்ப்பது என்பதால் செடியின் அடிப்பகுதியை நானே வரைந்தேன். தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து வந்தன, பெயரை இல்லஸ்ட்ரேட்டரில் தனியாக அமைத்தேன். நிறத் தேர்வும் லேஅவுட்டும் என்னுடையவை."

ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். "மிட்ஜர்னியில் தேர்ச்சி உண்டு" என்று மட்டும் எழுதினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கடலை எங்கே காய்க்கும் என்று பார்த்துத் திருத்தியவர் என்றால் உங்கள் கண்ணை நம்பலாம் என்று அவருக்குப் புரியும்.

அடுத்து, எழுதியதை நேர்காணலில் செய்துகாட்ட முடியுமா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். "இந்தப் படம் அப்படியே இருக்கட்டும், இந்த இலையை மட்டும் மாற்றுங்கள்" என்பார்கள். ப்ராம்ப்டை மாற்றி மறுபடி எடுத்தால் படம் முழுக்க மாறிவிடும். அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றத் தெரிய வேண்டும். இதற்கு ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்தான் என் விருப்பம், ஏனென்றால் மாற்றம் தனி லேயரில் வரும், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். இது கைவரவில்லை என்றால் "தொடக்க யோசனைகளுக்குப் பயன்படுத்துகிறேன்" என்று மட்டும் எழுதுங்கள்.

அச்சு வேலைக்கு விண்ணப்பித்தால் அளவையும் பாருங்கள். 1024 பிக்சல் அகலப் படம், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், 8.7 செ.மீ.தான் வரும். 14 செ.மீ. பாக்கெட்டுக்குச் சுமார் 1650 பிக்சல் வேண்டும். படத்தைப் பெரிதாக்கினீர்களா, வெக்டராக மறுபடி வரைந்தீர்களா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னால் வாய்ப்பு போய்விடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்லாமல் விடுவதுதான் நிறுவனத்துக்குச் சிக்கல். முழுக்கக் கருவியே உருவாக்கிய படத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிப்புரிமை தருவதில்லை, மனிதர் செய்த பகுதிக்குத்தான் தரும். அங்குள்ள வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஸ்டுடியோ, எது உங்கள் கைவேலை என்று கேட்கும். அதனால் பென்சில் ஸ்கெட்சையும் லேயர் பிரிந்த கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள், கடிதத்திலும் "கேட்டால் காட்டுகிறேன்" என்று எழுதுங்கள்.