ஒரு மின்னலில் எத்தனை யூனிட்? படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்

மின்னலைப் பிடித்துச் சேமித்தால் ஊருக்கே மின்சாரம் கிடைக்காதா என்ற கேள்வியைச் சரிபார்ப்பதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும். கீழே உள்ள படிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தால், மின்னலின் மொத்த ஆற்றல் எவ்வளவு என்பதும், அதில் தரையில் நம் கைக்கு எட்டக்கூடிய பங்கு எவ்வளவு என்பதும் தனித்தனியாகத் தெளிவாகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

படி 1: யூனிட்டை ஜூலாக மாற்றுதல்

1000 வாட் திறனுள்ள ஓர் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேறினால் செலவாகும் ஆற்றலே ஒரு யூனிட். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். ஒரு மணி நேரத்தில் 3600 விநாடிகள் உள்ளன.

```
1 யூனிட் = 1000 × 3600 = 36,00,000 ஜூல்
```

இனி வரும் எந்த விடையையும் 36 லட்சத்தால் வகுத்தால் யூனிட் கணக்கு வந்துவிடும்.

படி 2: மின்னலின் மொத்த ஆற்றல்

மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் ஒரு மின்னல் ஏறத்தாழ 20 கூலும் மின்னூட்டத்தைக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேகத்தின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 10 கோடி வோல்ட் அளவில் இருக்கும். மின்னூட்டம் வெளியேற வெளியேற மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வருவதால், பெருக்கி வரும் தொகையில் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

```
E = ½ × Q × V
  = ½ × 20 × 10,00,00,000
  = 100 கோடி ஜூல்
```

இதை 36 லட்சத்தால் வகுத்தால் சுமார் 278 யூனிட் கிடைக்கிறது. 1500 வாட் இழுக்கும் ஓர் அறைக் குளிரூட்டி நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட் ஆகும். அந்தக் கணக்கில் ஒரு மின்னலின் மொத்த ஆற்றலும் 23 நாட்களில் தீர்ந்துவிடும். மின்னல்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுபவை என்பதால் இந்த எண் சில மடங்கு கூடலாம், குறையலாம். ஆனால் லட்சக்கணக்கான யூனிட் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அத்தகைய பேச்சு திறனையும் ஆற்றலையும் ஒன்றாக்கிவிடுவதால் பிறக்கிறது: இந்த 100 கோடி ஜூலும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் வெளிப்படுவதால் வாட் கணக்கு மலைக்கவைக்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது, யூனிட் கணக்கோ 278இல் நின்றுவிடுகிறது.

படி 3: அந்த ஆற்றல் எங்கே செலவாகிறது என்று பார்த்தல்

10 கோடி வோல்ட் என்பது மேகத்துக்கும் தரைக்கும் இடையே, சில கிலோமீட்டர் நீளமுள்ள காற்றுப் பாதை முழுவதிலும் பரவியிருக்கும் மின்னழுத்தம். மின்னோட்டம் பாயும்போது அந்தப் பாதையில் உள்ள காற்று 30,000 டிகிரி செல்சியஸை நெருங்கும் அளவுக்குச் சூடாகி, திடீரென விரிந்து, இடியோசையாகவும் ஒளியாகவும் வெப்பமாகவும் ஆற்றலை வழியெங்கும் இறைத்துவிடுகிறது. ஆக, 278 யூனிட்டில் பெரும்பகுதி நம் கருவியைத் தொடுவதற்கு முன்பே வானத்தில் செலவாகிவிடுகிறது. தரையில் கிடைப்பதை அளக்க 10 கோடி வோல்ட்டை எடுத்துக்கொள்வது தவறு. தரையில் நாம் வைக்கும் கருவியின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதே கணக்கு.

படி 4: தரையில் கிடைக்கும் பங்கைக் கணக்கிடுதல்

இந்தப் படியில் சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் விடை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் சான் சால்வதோரே மலை உச்சியில் கோபுரங்களை நிறுவி, கார்ல் பெர்கர் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் மின்னல்களின் மின்னோட்டத்தை நேரடியாக அளந்தார். 1975இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட அளவீடுகளின்படி, மேகத்திலிருந்து எதிர் மின்னூட்டத்தை இறக்கும் மின்னலில் அடுத்தடுத்துப் பாயும் வீச்சுகளுள் முதல் வீச்சில் உச்ச மின்னோட்டத்தின் நடு மதிப்பு சுமார் 30,000 ஆம்பியர். அந்த மின்னோட்டம் நிலையாக நிற்பதில்லை. சில மைக்ரோ விநாடிகளில் உச்சத்துக்கு ஏறி, பின்னர் நூறு மைக்ரோ விநாடிகளுக்குள் பெருமளவு தணிந்துவிடுகிறது. ஆகவே மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒவ்வொரு கணத்துக்கும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாகத் தருவது பொறியாளர்களின் வழக்கம். பெர்கரின் அளவீட்டில் அதன் நடு மதிப்பு சுமார் 55,000. மின்னல் பாயும் வழியில் ஒரு ஓம் மின்தடையை வைத்தால் அதில் 55,000 ஜூல் இறங்கும் என்பதே இந்த எண்ணின் பொருள்.

```
1 ஓம்:    55,000 ஜூல்    = 0.015 யூனிட்
10 ஓம்:   5,50,000 ஜூல்  = 0.15 யூனிட்
100 ஓம்:  55,00,000 ஜூல் = 1.5 யூனிட்
```

முதல் வரியைப் பாருங்கள்: நம் இஸ்திரிப் பெட்டி 55 விநாடி சூடேறினால் அந்த ஆற்றல் தீர்ந்தது. மின்னல் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62305 தரநிலை, மிக உயர்ந்த பாதுகாப்பு வகைக்காக எடுத்துக்கொள்ளும் அசாதாரணமான வலிய மின்னலிலும்கூட ஒரு ஓமுக்கு 1 கோடி ஜூல்தான், அதாவது 2.8 யூனிட்.

அப்படியானால் மின்தடையைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். மின்னல் தனக்கு எதிரே நிற்கும் கருவியைப் பொருட்படுத்தாமல் ஏறத்தாழ அதே மின்னோட்டத்தைச் செலுத்துவதால், மின்தடை கூடக் கூடக் கிடைக்கும் ஆற்றலும் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மின்னழுத்தமும் அதே வீதத்தில் கூடுகிறது. 10 ஓமில் 30,000 ஆம்பியர் பாய்ந்தால் 3 லட்சம் வோல்ட். 100 ஓமில் 30 லட்சம் வோல்ட். மீட்டர் கணக்கில் நீளமுள்ள காற்றிடைவெளியை மின்னல் போன்ற வீச்சு மீட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் வோல்ட்டில் உடைத்துவிடும் என்பதால், 1.5 யூனிட்டைப் பெறுவதற்குக் கருவியைச் சுற்றி 6 மீட்டருக்குக் குறையாத வெற்றிடைவெளி வேண்டும். அதுவும் மழையில் நனையாத மின்காப்புடன் இருக்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் மின்னல் கருவியை விட்டு விலகி, பக்கத்தில் உள்ள இரும்புச் சட்டத்தின் வழியாகவோ ஈரமான சுவரின் வழியாகவோ தரைக்குப் பாய்ந்துவிடும். பின்னர் ஆய்வுசெய்யும்போது, கருவியில் ஏதும் சேராமல் அதன் ஓரங்களில் கருகிய தடமும் உருகிய புள்ளிகளும் இருந்தால், நடந்தது இதுதான் என்று அறியலாம்.

கம்பியும் ஓரளவு சிக்கலைக் கூட்டுகிறது. மின்னோட்டம் மிக விரைவாக ஏறுவதால், தடிமனான செப்புக் கம்பியிலும் மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட் தோன்றும். கம்பியைத் தடிமனாக்குவதால் இது பெரிதாகக் குறையாது.

படி 5: சேமிப்பதற்கான கருவியைத் தேர்ந்தெடுத்தல்

மின்தடையில் இறங்கியது வெப்பமாகிவிடும்; மின்சாரமாகச் சேமிக்க மின்கலம் அல்லது மின்தேக்கி தேவை.

மின்கலத்தை முதலில் விலக்கிவிடலாம். 5000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதப்பட்ட கைப்பேசி மின்கலம் முழுவதும் நிரம்ப 18,000 கூலும் மின்னூட்டம் வேண்டும். மின்னல் தருவதோ 20 கூலும். ஆற்றல் மிகுந்த மின்னலில் மின்னூட்டம் இவ்வளவு சொற்பமாக இருப்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். மின்னலின் வலிமை முழுவதும் மின்னழுத்தத்தில் இருக்கிறது, மின்கலமோ சில வோல்ட்டில் இயங்குவது. 3.7 வோல்ட் மின்கலம் அந்த 20 கூலும் முழுவதையும் சேதமின்றி ஏற்றுக்கொண்டாலும் சேர்வது 74 ஜூல்தான்.

எஞ்சுவது மின்தேக்கி. பெர்கரின் அளவீட்டில் முதல் வீச்சு கொண்டுவரும் மின்னூட்டத்தின் நடு மதிப்பு 5 கூலும் அளவில் உள்ளது. இருபதில் ஒரு மின்னல் 24 கூலுமைத் தாண்டுகிறது. எது வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், பெரிய மின்னலிலும் உடைந்துவிடாதபடிதான் மின்தேக்கியை அமைக்க வேண்டும். 10 லட்சம் வோல்ட் வரை தாங்கும் மின்தேக்கியில் 24 கூலுமை அடக்குவதற்கு 24 மைக்ரோ ஃபாரட் கொள்ளளவு தேவை. அதே மின்தேக்கியில் வழக்கமான 5 கூலும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

```
E = Q² ÷ (2 × C)
  = 25 ÷ (2 × 0.000024)
  = சுமார் 5,20,000 ஜூல் = 0.14 யூனிட்
```

பெரிய மின்னலுக்காகக் கட்டிய கருவி, வழக்கமாக வரும் மின்னலில் இஸ்திரிப் பெட்டியின் ஒன்பது நிமிடத் தேவையைக்கூடச் சேர்ப்பதில்லை. சிறிய மின்னலுக்கேற்பக் கட்டினால் முதல் பெரிய மின்னலில் மின்காப்பு துளைபட்டு, மின்தேக்கி பயனற்றுப் போய்விடும். உயர் மின்னழுத்த மின்தேக்கிகளின் பருமனை அறிய ஓர் உண்மையான எடுத்துக்காட்டு உண்டு: கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், அணுக்கரு இணைவுச் சோதனைக்கான லேசர்களை இயக்கும் மின்தேக்கித் தொகுதி சுமார் 40 கோடி ஜூலைச் சேமிக்கிறது. பெரிய கூடங்களை நிறைத்து நிற்கும் அந்தத் தொகுதியின் முழுக் கொள்ளளவும் 111 யூனிட்தான்.

படி 6: ஆண்டுக்கு எத்தனை மின்னல் என்று எண்ணுதல்

60 மீட்டர் உயரமுள்ள கோபுரம், தன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆரமுள்ள வட்டத்துக்குள் விழக்கூடிய மின்னல்களைத் தன்பால் ஈர்க்கும் என்பது பாதுகாப்புக் கணக்குகளில் பயன்படும் தோராயம். 180 மீட்டர் ஆரம் என்றால் 0.1 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு 10 மின்னல்கள் தரையில் இறங்கும் இடி மிகுந்த பகுதியிலும், அந்தக் கோபுரத்துக்கு வருவது ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. படி 4இல் கண்ட 100 ஓம் கருவி பழுதின்றி இயங்கினாலும், கோபுரத்தின் ஆண்டு வருமானம் 1.5 யூனிட்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஆண்டுக்குச் சராசரியாக 25 மின்னல்கள் தாக்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கட்டடத்தின் உச்சியிலிருந்தே மேல்நோக்கிக் கிளம்புபவை என்பதால், படி 4இல் எடுத்துக்கொண்ட வலிய முதல் வீச்சு அவற்றில் இருப்பதில்லை. அதைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் 1.5 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 38 யூனிட்டுக்கு மேல் வராது. 20 விழுக்காடு திறனுள்ள ஒரு சதுர மீட்டர் சூரிய மின்பலகை, நாளுக்கு 5 மணி நேரம் நல்ல வெயில் கிடைக்கும் இடத்தில், அதே 38 யூனிட்டை 38 நாட்களில் தந்துவிடும்.