மருந்து ஆய்வு ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலமும் தமிழும் நன்கு அறிந்த ஒருவர் மொழிபெயர்ப்பைத் தொழிலாக மேற்கொள்ளும்போது, நிறுவனங்களிடமிருந்து அவருக்கு வரக்கூடிய பணிகளுள் முக்கியமான ஒன்று, மருந்து ஆய்வுகளில் சேர்பவர்கள் கையொப்பமிட வேண்டிய ஒப்புதல் படிவம். இத்தகைய ஆய்வுகளை இந்தியாவில் நெறிப்படுத்தும் 2019ஆம் ஆண்டு விதிகள், ஆய்வில் சேர்பவருக்குத் தரப்படும் தகவல், துறைசார்ந்த கடினச் சொற்கள் இன்றி, அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு மருத்துவமனை ஆய்வில் பங்கேற்றால், அங்கு தமிழ்ப் படிவம் தேவைப்படும்; பங்கேற்பாளர்களின் நலனைக் கருதி ஆய்வைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை அது பெற்றாக வேண்டும். இந்த ஒரே பணியில், புதிதாக வருபவர் செய்யும் தவறுகள் விலை பேசுவதில் தொடங்கி, சான்றிதழில் கையொப்பமிடுவது வரை நீள்கின்றன. அவற்றுள் பல, மொழி அறிவுக் குறைவால் நிகழ்வன அல்ல.

முதல் தவறு, எந்த மொழியின் சொற்களை எண்ணிக் கூலி தருவார்கள் என்று கேட்காமல் ஒப்புக்கொள்வது. வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் தமிழில் சொல்லோடு ஒட்டி நிற்பதால், ஆங்கிலப் பகுதியைவிடத் தமிழாக்கத்தில் சொற்களின் எண்ணிக்கை குறைவாகவே வரும். ‘நோயாளியால் மருத்துவமனைக்கு வர இயலாது’ என்பது நான்கு சொற்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்வதற்குப் பத்துக்கும் மேற்பட்ட சொற்கள் தேவைப்படலாம். எல்லா வாக்கியங்களிலும் இவ்வளவு வேறுபாடு இருக்காது. ஆனால் 3,000 சொற்கள் கொண்ட ஆங்கிலப் படிவம் தமிழில் ஏறத்தாழ 2,100 சொற்களாக முடிவது இயல்பானதே. சொல்லுக்கு ரூ.1.50 என்று வைத்துக்கொண்டால், ஆங்கிலச் சொற்களை எண்ணும்போது ரூ.4,500 வரும், தமிழ்ச் சொற்களை எண்ணினால் ரூ.3,150 மட்டுமே. உழைப்பு ஒன்றுதான், ஆனால் கூலியில் 30 விழுக்காடு போய்விடுகிறது. மூலமொழிச் சொல்லெண்ணிக்கையே அடிப்படை என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே பணியைத் தொடங்க வேண்டும். கோப்பு ஸ்கேன் செய்யப்பட்ட படமாக இருந்தால், எண்ணிக்கையை யார் எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. அதன் விளைவு பணத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே திட்டம் திருத்தப்பட்டால், படிவத்தின் புதிய பதிப்பு வரும். 3,000 சொற்கள் கொண்ட இரண்டாம் பதிப்பில் 2,600 சொற்கள் மாறாமலும், 250 சொற்கள் சிறிதளவு மாறியும், 150 சொற்கள் முற்றிலும் புதியனவாகவும் இருப்பதாகக் கொள்வோம். முன்பு செய்த மொழிபெயர்ப்பைச் சேமித்து வைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம் உள்ள மென்பொருள் இவற்றைப் பிரித்துக் காட்டும். மாறாத பகுதிக்குக் கூலி இல்லை, சிறிது மாறிய பகுதிக்குப் பாதிக் கூலி, புதிய சொற்களுக்கு முழுக் கூலி என்று நிறுவனம் கணக்கிடலாம். இந்தக் கணக்கில் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் பணி முடிந்ததும், முழு ஆவணமும் மூலத்துக்கு உண்மையாக மொழிபெயர்க்கப்பட்டுள்ளது என்று ஒரு சான்றிதழில் கையொப்பம் கேட்பார்கள். படிப்பதற்குக் கூலி தரப்படாத 2,600 சொற்களுக்கும் மொழிபெயர்ப்பாளரே பொறுப்பேற்கிறார் என்பதுதான் அதன் பொருள். முதல் பதிப்பை வேறொருவர் செய்திருந்தால், அவருடைய பிழைகளும் இப்போது இவருடைய கையொப்பத்தின் கீழ் வந்துவிடுகின்றன. முழு ஆவணத்தையும் படித்துச் சரிபார்க்க, மணிக்கு இவ்வளவு என்று தனிக் கூலி பேசலாம். அல்லது மாற்றப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே பொறுப்பு என்பதைச் சான்றிதழிலேயே குறிப்பிடச் சொல்லலாம். இரண்டுக்கும் இசையாத நிறுவனத்தின் பணியை மறுப்பதே சரி என்பது என் கருத்து. ஏனெனில் அந்தத் தாளை நம்பி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் வேறொருவர்.

மொழிக்குள் வந்தால், பலரும் தடுமாறுவது எழுதும் தொனியில். அரசு ஆணையைப் போன்ற நடைதான் மருத்துவ ஆவணத்துக்குப் பொருந்தும் என்று எண்ணி, ‘தாங்கள் இரத்த மாதிரி அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுவீர்கள்’ என்று எழுதுகிறார்கள். ‘பரிசோதனைக்காக உங்களிடமிருந்து இரத்தம் எடுப்போம்’ என்று எழுதினால் போதும். படிக்கத் தெரியாதவர் ஆய்வில் சேரும்போது, நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க, படிவத்தை அவருக்குப் படித்துக் காட்டி விளக்க வேண்டும் என்பது நடைமுறை. காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாத வாக்கியம் அந்த இடத்தில் பயன்படாது. எழுதி முடித்தபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், மூச்சு வாங்கும் இடங்களெல்லாம் வெட்ட வேண்டிய இடங்கள் என்று தெரிந்துவிடும்.

எளிமைக்காகப் பொருளைக் குறைத்துவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. மருந்து உட்கொண்ட பிறகு உடலுக்கு நேரும் எந்தத் தீங்கையும், அதற்கு மருந்து காரணமாக இல்லாவிட்டாலும்கூட, ஆய்வில் தனியே பதிவு செய்வார்கள். மருந்தினால் விளைவதாகக் கருதப்படும் பக்க விளைவு வேறு. இரண்டையும் ‘பக்க விளைவு’ என்றே எழுதினால், ஆய்வுக் காலத்தில் கீழே விழுந்து கை முறிந்ததை மருத்துவரிடம் சொல்லத் தேவையில்லை என்று பங்கேற்பாளர் நினைத்துவிடுவார். அதுபோலவே, வந்துபோகும் பயணச் செலவைத் திருப்பித் தருவதும், ஆய்வினால் ஏற்பட்ட பாதிப்புக்கு இழப்பீடு தருவதும் சட்டப்படி வெவ்வேறானவை. இரண்டையும் ‘தொகை வழங்கப்படும்’ என்ற ஒரே தொடரில் அடக்கினால், ஒருவருடைய உரிமையே படிவத்திலிருந்து மறைந்துவிடும். அளவுகளில் மைக்ரோகிராமை ‘மி.கி.’ என்று எழுதிவிடுவது ஆயிரம் மடங்கு பிழை. எல்லா எண்களையும் அலகுகளையும் மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு தனியாக ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். வாக்கியங்களைப் படித்துக்கொண்டே போகும்போது கண் எண்களைத் தாண்டிவிடும். பக்கத்தின் அடியில் உள்ள பதிப்பு எண்ணும் தேதியும் இந்த ஒப்பீட்டில் சேர வேண்டும். அவை பொருந்தாத படிவத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பக்கூடும்.

அடுத்து வருவது மறுமொழிபெயர்ப்பு. தமிழ்ப் படிவத்தை, மூலத்தைப் பார்க்காத வேறொரு மொழிபெயர்ப்பாளர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். அதை மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை அட்டவணையாக்கிக் கேள்விகளோடு அனுப்புவார்கள். இதை முன்பே அறிந்த சிலர், ஒப்பீட்டில் கேள்வியே எழக்கூடாது என்பதற்காக ஆங்கில வாக்கியத்தின் அமைப்பையே தமிழில் படியெடுத்து வைக்கிறார்கள். ஒப்பீட்டில் அது தேறிவிடும், நோயாளிக்கு விளங்காது. கேள்விப் பட்டியல் வந்ததும் எல்லாவற்றையும் அஞ்சி மாற்றிவிடுவதும், எல்லாவற்றையும் மறுத்து எழுதுவதும் இதன் மறுபக்கங்கள்.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வில் சேர்பவர்களை இரு குழுக்களாகப் பிரிப்பது யாருடைய விருப்பப்படியும் அன்று, தற்செயலாகத்தான் என்பதை மூலம் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர், ‘நீங்கள் வாய்ப்பின் அடிப்படையில் இரு குழுக்களில் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்’ என்று எழுதியிருக்கிறார். மறுமொழிபெயர்ப்பில் அது, கிடைக்கும் நல்வாய்ப்பைப் பொறுத்துச் சேர்க்கப்படுவதாக வந்திருக்கிறது. மறுமொழிபெயர்ப்பாளர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பதில் எழுதத் தோன்றும். ஆனால் அவர் புரிந்துகொண்டதுபோலவே ஒரு நோயாளியும், குழுவில் இடம் காலியாக இருப்பதைப் பொறுத்தோ மருத்துவர் மனம் வைப்பதைப் பொறுத்தோ தனக்குப் புதிய மருந்து கிடைக்கும் என்று எண்ண இடமுண்டு. ஆகவே வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும்: ‘நீங்கள் எந்தக் குழுவில் இருப்பீர்கள் என்பதை நீங்களோ மருத்துவரோ தேர்ந்தெடுக்க முடியாது. கணினி அதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும்.’ ஒரு வாக்கியம் இரண்டாகி நீண்டதற்குக் காரணத்தைப் பதில் பத்தியில் ஓரிரு வரிகளில் எழுத வேண்டும். கணினிதான் தேர்ந்தெடுக்கிறது என்பது மூலத்தில் இல்லையென்றால், அதை முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதற்கு மாறாக, ‘நோயாளி’ என்பதை நோயுற்றவர் என்ற பொருள்தரும் வேறொரு ஆங்கிலச் சொல்லால் மறுமொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்தால், தமிழில் மாற்றம் தேவையில்லை என்று காரணத்தோடு சொல்லி விட்டுவிடலாம். கேள்வி தமிழைப் பற்றியதா, மறுமொழிபெயர்ப்பைப் பற்றியதா என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு வேண்டிய திறமை.

எழுத்தில் இவ்வளவும் செய்தவரை, ஆய்வு மையம் நேரில் மொழிபெயர்த்துச் சொல்லவும் அழைக்கலாம். வேலூர் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பலர் வருவதால், அவர்களுடைய மொழியும் அறிந்தவருக்கு அங்கே தேவை உண்டு. ஆனால் இது வேறு தொழில். மருத்துவர் சொன்ன ஐந்து வாக்கியங்களை ஒன்றாகச் சுருக்கிச் சொல்வதும், ‘இதனால் ஆபத்து வருமா?’ என்று நோயாளி கேட்டதை மருத்துவரிடம் கொண்டுபோகாமல் ‘ஒன்றும் ஆகாது’ என்று தாமே ஆறுதல் சொல்வதும் அங்கு நிகழும் பெரிய தவறுகள். அந்த ஆறுதலைக் கேட்டு ஒருவர் கையொப்பமிட்டால், அது தகவல் அறிந்து தந்த ஒப்புதல் ஆகாது. இரு தரப்பினர் சொல்வதையும் அவர்கள் பேசுவதுபோலவே ‘நான்’ என்று தன்மையில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். புரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். குறிப்பு எடுத்துப் பழகாதவர் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்தும்படி மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, முன்பு செய்த படிவத்தையே மாதிரியாக இணைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஆய்வின் பெயரையும் மருந்தின் பெயரையும் மறைத்திருந்தாலும், இது வழக்கமாகக் கையெழுத்திடும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறுவதாகும். அதைப் பார்க்கும் நிறுவனமும், நாளை தன் ஆவணம் இப்படித்தான் வெளியே போகும் என்றே கருதும். உலக சுகாதார நிறுவனம், ஆய்வாளர்களுக்கான ஒப்புதல் படிவ மாதிரிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டுள்ளது. அதிலிருந்து இரண்டு பக்கங்களைத் தமிழாக்கி, கடினமாக இருந்த நான்கைந்து இடங்களில் எடுத்த முடிவுகளைத் தனிக் குறிப்பாக எழுதி இணைத்தால், மாதிரியின் தேவை நிறைவேறும். தேர்வு செய்பவர்களுக்கு இரண்டு பக்கத் தமிழைவிட அந்தக் குறிப்பு அதிகம் சொல்லும்.