தினமும் பொரித்து அரைக்கும் சமையலறைக்கு மேடைக் கல்லும் சுவர் டைல்ஸும் தேர்வு செய்வது எப்படி?

பத்தடி நீள மேடை, அதன் ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் கிரைண்டர் என்ற எங்கள் வீட்டு அமைப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

1. கல்லைச் சோதித்தல்

கடையில் நீங்கள் தேர்ந்தெடுத்த பலகையிலிருந்தே ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதன் மெருகேற்றிய பக்கத்தில் எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய், மஞ்சள் கரைசல் ஆகியவற்றைத் தனித்தனியே சில துளிகள் விட்டு, மறுநாள் காலையில் துடைத்துப் பாருங்கள். சாறு பட்ட இடம் மங்கினால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். பளிங்கும் கடப்பாவும் இந்த வகையைச் சேர்ந்தவை, புளியும் எலுமிச்சையும் புழங்கும் மேடைக்கு ஆகாதவை. எண்ணெய் பட்ட இடம் கறுத்து நின்றால், அந்தக் கல்லுக்கு, எண்ணெய் ஊறாமல் தடுக்கும் சீலர் பூசி அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும். கறுப்புக் கல்லைத் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது துணியில் கறை ஏறினால், அது சாயம் ஏற்றப்பட்ட கல்.

செயற்கை குவார்ட்ஸில் கறை எளிதில் ஏறாது என்றாலும், அதைப் பிணைத்திருக்கும் ரெசின் என்ற பிசின் சூடான வாணலியைத் தாங்காமல் பழுப்பேறும். ஆகவே என் தேர்வு, அடர்நிறமுள்ள 18 முதல் 20 மி.மீ. கனமான கிரானைட்தான்.

2. சுவர்

அடுப்புக்குப் பின்னே, பளபளப்பான மேற்பூச்சுள்ள பெரிய டைல்ஸ் பதியுங்கள். சொரசொரப்பான டைல்ஸில் எண்ணெய்ப் புகை படிந்தால் துடைத்து எடுப்பது கடினம். டைல்ஸ்களுக்கு இடையிலான இடைவெளிகளை எபாக்ஸி என்ற பிசின் கலவை கொண்டு நிரப்பச் சொல்லுங்கள். அங்கே நிரப்பும் சிமெண்ட் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். எபாக்ஸி இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும்.

3. மேடையும் சுவரும் சேரும் மூலை

பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். கிரைண்டர் ஓடும்போது மேடை அதிர்கிறது, ஆனால் சுவர் அசைவதில்லை. எனவே இந்த மூலையில் சிமெண்டோ எபாக்ஸியோ போட்டால் மயிரிழை விரிசல் விழுந்து, மாவு கழுவிய நீர் உள்ளே இறங்குகிறது. மூலையோரம் கறுப்புக் கோடும், துடைத்த பிறகும் போகாத புளித்த வாடையும் இதற்கு அடையாளங்கள்.

கல்லுக்கும் டைல்ஸுக்கும் இடையே 3 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டு, அதை நன்கு உலர்த்தி, இருபுறமும் மறைப்பு நாடா ஒட்டி, பூஞ்சை பிடிக்காத வகைச் சிலிக்கானை நிரப்புங்கள். ஒரு நாள் முழுவதும் அதில் நீர் படக் கூடாது. சிலிக்கான் நெகிழும் தன்மையுடையது என்பதால் அதிர்வுக்கு ஈடுகொடுக்கும்.

பிற்சேர்க்கை: கிரைண்டரை எங்கே வைப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய திறப்புகளின் ஓரத்தில் கல் வலுவிழந்திருக்கும். ஆகையால், கீழே சுவரோ கடப்பாப் பலகையோ நேரடியாகத் தாங்கும் இடத்திலேயே அதை வையுங்கள்.