தமிழ் டைட்டில் உடையுதா? எழுத்தை இடம் மாத்தி டைப் பண்ணாதீங்க

"திருச்செந்தூர் கோயில் யானை". ஒரு திருவிழா வீடியோவுக்கு இந்த மூணு வார்த்தையைத்தான் டைட்டிலா போட்டேன், போட்டா செ-யில இருக்க வேண்டிய ஒற்றைக்கொம்பு ச-வுக்குப் பின்னாடி போய் நிக்குது, தூ-ல சுழி தனியா கழண்டு த-வுக்குப் பக்கத்துல கிடக்குது, னை-யில கொம்பு ன-வைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சு.

அப்ப நான் பண்ணின தப்பைத்தான் இன்னிக்கும் நிறைய பேர் பண்றாங்க. கொம்பு பின்னாடி போகுதுல்ல, சரி, கொம்பை முதல்ல டைப் பண்ணிட்டு அப்புறம் ச-வைப் போடுவோம்னு மாத்திட்டேன், கோ-வுக்கு இரட்டைக்கொம்பு, க, துணைக்கால்னு தனித்தனியா அடிச்சேன், ஸ்கிரீன்ல கொம்பு எல்லாம் அச்சு அசலா சரியா தெரிஞ்சுது. அதே ப்ராஜெக்டை நண்பர்கிட்ட இருக்குற எடிட்டிங் ஆப்போட புது வெர்ஷன்ல திறந்தா கொம்புக்குப் பக்கத்துல எல்லாம் புள்ளி வட்டம்! டைட்டிலை காப்பி பண்ணி டிஸ்கிரிப்ஷன்ல போட்ட இடத்துலயும் அதே வட்டம்.

காரணம் ரொம்ப சிம்பிள். யூனிகோட்ல செ-ன்னா முதல்ல ச, அப்புறம் கொம்பு, இந்த வரிசையிலதான் சேவ் ஆகும். கொம்பை முன்னாடி தள்ளுறதும் த-வையும் சுழியையும் ஒட்டி தூ ஆக்குறதும் ஆப்புக்குள்ள இருக்குற டெக்ஸ்ட் என்ஜினோட வேலை. அந்த என்ஜின் தமிழுக்கு வேலை செய்யலைன்னா வந்த வரிசையிலயே வரைஞ்சு வச்சிடும், நீங்க வரிசையை மாத்தினா கொம்பு அங்க மட்டும் சரியா தெரியும், ஒழுங்கா வேலை செய்யுற எல்லா இடத்துலயும் உடையும். அதனால புள்ளி வட்டம் தெரிஞ்சா யாரோ வரிசையை மாத்தி அடிச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க, வெறும் கட்டம் கட்டமா தெரிஞ்சா அந்த ஃபான்ட்டுல தமிழ் எழுத்தே இல்ல, கொம்பு பின்னாடி போனாலோ சுழி தனியா கழண்டாலோதான் என்ஜின் பிரச்சனை.

பிரீமியர் ப்ரோவுல Preferences > Graphics போனா டெக்ஸ்ட் என்ஜின் ஆப்ஷன் இருக்கும், அதுல South Asian and Middle Eastern செலக்ட் பண்ணுங்க. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இதே ஆப்ஷன் Preferences > Type உள்ள. இங்கதான் அடுத்த தப்பு: செட்டிங்கை மாத்திட்டு பழைய லேயரையே பாத்துட்டு "ஒண்ணும் மாறலையே"ன்னு விட்டுடுறது. பழைய லேயரைத் தூக்கிட்டு புதுசா ஒண்ணு போட்டு, நோட்பேட்ல சரியா தெரியுற தமிழை அங்கிருந்து பேஸ்ட் பண்ணுங்க, ஃபான்ட் Noto Sans Tamil இல்லன்னா Nirmala UI வச்சு முதல்ல டெஸ்ட் பண்ணுங்க. டெஸ்ட்டுக்கு "தமிழ்"னு மட்டும் அடிச்சுப் பாக்காதீங்க, அதுல கொம்பே கிடையாது. "கெ கோ கை தூ ஸ்ரீ க்ஷ" அடிங்க, எது உடைஞ்சாலும் உடனே காட்டிக் கொடுத்துடும்.

சரி, இந்த செட்டிங்கே இல்லாத ஆப்புல என்ன பண்றது? நம்ம ஊர்ல உடனே பாமினி ஃபான்ட்டுக்குப் போயிடுவாங்க. அது வேலை செய்யும், ஏன்னா பாமினி யூனிகோட் இல்ல, பழைய டைப்ரைட்டர் மாதிரி கண்ணுக்குத் தெரியுற வரிசையிலயே எழுத்தை அடுக்குது. கோயில்னா உள்ள இருக்குறது இதுதான்:

```
Nfhapy;
```

N-தான் இரட்டைக்கொம்பு, க-வான f-க்கு முன்னாடியே நிக்குது பாருங்க. ஆனா யூனிகோட்ல டைப் பண்ணின தமிழுக்கு மேல பாமினி ஃபான்ட்டை செலக்ட் பண்ணினா ஒண்ணும் ஆகாது, முதல்ல கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தணும். நடுவுல இங்கிலீஷ் வார்த்தை வந்தா அதுவும் தமிழ் எழுத்தா மாறி உளறும், ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல திறந்தா மேல இருக்குற அந்த Nfhapy; தான் தெரியும்.

நான் இப்ப பாமினியை விட்டுட்டேன். ஆப் தமிழை உடைச்சா இங்க்ஸ்கேப்ங்கிற ட்ராயிங் சாஃப்ட்வேர்ல 1920 x 1080 பக்கத்துல டைட்டிலை எழுதி, பேக்ரவுண்ட் இல்லாத பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணி வீடியோ மேல லேயரா போட்டுடுறேன், படமாயிட்டா உடைய எழுத்தே இல்ல. ஒரு எழுத்து தப்பானாலும் திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணணும், அதனால இங்க்ஸ்கேப்ல சேவ் பண்ணின எஸ்விஜி ஃபைலை அழிக்காதீங்க.

எழுத்து சரியா வந்ததுக்கு அப்புறமும் டைப்ரைட்டர் அனிமேஷன்ல மாட்டிக்குவீங்க. ஒவ்வொரு எழுத்தா வர வச்சா சில ஆப்புல முதல்ல ல வந்து அப்புறம் புள்ளி வந்து உக்காரும், பாக்க ரொம்ப கேவலமா இருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல Range Selector-ல Advanced திறந்து Based On-ஐ Words ஆக்கிட்டா முழு வார்த்தையா வரும், எனக்கென்னவோ தமிழுக்கு அதுதான் அழகு.